ஈரம் காயாத குளியலறைக்கு எந்தக் கதவு?

"எங்கள் குளியலறைக்கு ஜன்னல் கிடையாது, மேலே ஒரு சிறிய காற்றுத் துவாரம் மட்டும்தான். ஐந்து பேர் அடுத்தடுத்துக் குளிக்கிறோம், தரை காய்வதே இல்லை. இப்போதிருக்கும் ப்ளைவுட் பிளஷ் கதவு அடியில் உப்பி, லேமினேட் பிரிந்துவிட்டது. தச்சர் இன்னொரு பிளஷ் கதவே போதும் என்கிறார். மாமனார் நல்ல மரக்கதவு போடச் சொல்கிறார். கடையில் யு.பி.வி.சி. என்கிறார்கள். எதைப் போடுவது? மரத்தாலான பழைய நிலையை அப்படியே விடலாமா?"

நீங்கள் விவரித்திருக்கும் குளியலறைக்கு நான் யு.பி.வி.சி. என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் கதவைத்தான் சொல்வேன். அதுவும் உள்ளே எஃகு வைத்த வகை, அதற்குரிய நிலையோடு சேர்த்து. ஆனால் பெயரை மட்டும் கேட்டு வாங்கினால் அதிலும் ஏமாறலாம், பழைய கதவு கெட்ட காரணம் தெரியாவிட்டால் புதிய கதவையும் அதே வழியில் கெடுத்துவிடலாம். ஆகவே காரணத்திலிருந்து தொடங்குகிறேன்.

கழற்றுவதற்கு முன் உங்கள் பழைய கதவை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். இடுப்பு உயரத்துக்கு மேலே அது பெரும்பாலும் திடமாகவே இருக்கும். கெடுதல் முழுவதும் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் அடங்கியிருக்கும். குளிக்கும்போது தெறிக்கும் நீர் கதவின் முகத்தில் வழிந்து இறங்கி, கீழ் விளிம்பில் துளியாகத் தொங்குகிறது. அந்த விளிம்பில்தான் மரத்தின் நார்கள் வெட்டுப்பட்டு, வாய் திறந்த நிலையில் இருக்கின்றன. மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து நீரை மேலேற்றிய அதே நுண்குழாய்கள் வெட்டுமுனை வழியாக இப்போதும் நீரை உறிஞ்சுகின்றன. பலகையின் முகத்தைவிட வெட்டுமுனை பல மடங்கு வேகமாக நீரைக் குடிக்கும். முகத்தில் எவ்வளவு விலையுயர்ந்த லேமினேட் ஒட்டியிருந்தாலும் அந்த வழியை அது அடைப்பதில்லை.

இன்னொன்றும் நடந்திருக்கும். கதவைப் பொருத்தும்போது தரை இடித்தால், தச்சர் அடியில் அரை அங்குலம் அறுத்துவிட்டு மாட்டுவார். தொழிற்சாலையில் விளிம்பைச் சுற்றி ஒட்டிய கட்டை அந்த அறுப்பில் மெலிந்துபோகும், சில சமயம் முழுவதுமாகவே போய்விடும். அறுத்த இடத்துக்கு வண்ணம் பூசுவது யார் நினைவுக்கும் வராது, ஏனென்றால் கதவை மாட்டிய பிறகு அந்தப் பக்கம் கண்ணுக்கே தெரியாது. கைப்பேசியைக் கதவின் அடியிடைவெளியில் வைத்து மேல்நோக்கி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பூச்சில்லாத வெற்று மரம் தெரிந்தால் உங்கள் கதவு உப்பியதற்கான விடை அந்தப் படத்திலேயே இருக்கிறது.

அடுத்தது, எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறது என்பது. மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு ஈரம் தேவை. மரத்தின் ஈரப்பதம், அதன் உலர்ந்த எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை வளர்வதில்லை. ஏறத்தாழ 30 சதவீதத்தை நெருங்கும்போது நார்களின் சுவர்கள் நீரால் நிறைந்துவிடும், அழுகலுக்கு அது மிகவும் வசதியான நிலை. காலையில் நனைந்து மதியத்துக்குள் காய்ந்துவிடும் கதவு இந்த எல்லையைத் தாண்டுவது அரிது. உங்கள் வீட்டில் ஐந்து பேர் அடுத்தடுத்துக் குளிக்கிறார்கள், காற்று வெளியேறப் போதிய வழியில்லை, அதனால் இரவில்கூட அடிவிளிம்பு காய்வதில்லை. மூன்று வகைக் கதவுகளில் எது என்ற கேள்விக்கு விடை தருவது இந்தக் காயாமைதான். தெறிப்பு இதைவிட அதிகமாக இருந்தாலும் நன்றாகக் காயும் குளியலறையாக இருந்தால் என் பதில் மாறியிருக்கும்.

தச்சர் சொல்லும் பிளஷ் கதவைப் பார்ப்போம். வெளியே ஒரே மாதிரித் தெரியும் பிளஷ் கதவுகளின் உள்ளே இருப்பவை வேறுவேறு. சிலவற்றில் மரக்கட்டைகளை நெருக்கமாக அடுக்கி ஒட்டியிருப்பார்கள். சிலவற்றில் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை இருக்கும். இன்னும் சிலவற்றில் தேன்கூடு போன்ற அட்டைதான் இருக்கும், மீதி வெற்றிடம். தூள்பலகை நனைந்தால் ஊதிப் பெருக்கும், காய்ந்த பிறகும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. உங்கள் கதவு அடியில் உப்பி அப்படியே நின்றுவிட்டது என்றால் உள்ளே தூள்பலகை இருக்கலாம், அல்லது பசை விட்டுப்போயிருக்கலாம். கதவைக் கழற்றியதும் அடியில் ஓர் அங்குலம் அறுத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

பிளஷ் கதவின் ஆயுளைக் கட்டையைவிடப் பசையே அதிகம் தீர்மானிக்கிறது. மலிவான கதவுகளில் யூரியா பார்மால்டிஹைடு பசை இருக்கும். உலர்ந்த அறைக் கதவுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் ஈரமும் வெப்பமும் சேர்ந்து தொடர்ந்து தாக்கினால் அந்தப் பசை வேதியியல் முறையிலேயே சிதைந்துவிடும், அடுக்குகள் பிரியும். குளியலறைக்கு வேண்டியது பீனால் பார்மால்டிஹைடு பசை, அதாவது கொதிநீர் தாங்கும் தரம் என்று விற்கப்படுவது. பீனால் பசையின் கோடு அடுக்குகளுக்கு இடையே கருஞ்சிவப்பாகத் தெரியும், யூரியா பசை வெளிறியிருக்கும். நிறத்தைக் கலந்து ஏமாற்ற முடியும் என்பதால் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அதே வகைக் கதவில் அறுத்த ஒரு துண்டு கேட்டு வாங்கி, ஒரு பழைய பாத்திரத்தில் அரை நாள் கொதிக்க விடுங்கள். தண்ணீர் வற்ற வற்ற ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். யூரியா பசை என்றால் நகத்தால் நெம்பும் அளவுக்கு அடுக்குகள் பிரிந்துவிடும். துண்டு தர மறுக்கும் இடத்தில் குளியலறைக் கதவு வாங்காமல் இருப்பதே நல்லது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பசை கொதிநீரைத் தாங்கும் என்பதால் உள்ளிருக்கும் மரம் அழுகாது என்று பொருளில்லை. அடுக்குகள் பிரியாமல் இருக்கும், அவ்வளவுதான். உள்ளே அடுக்கிய கட்டைகள் பெரும்பாலும் மென்மையான, வேகமாக வளரும் மரங்களின் கட்டைகள். பூச்சி, பூஞ்சை மருந்து சரியாக ஏறியிருந்தாலொழிய காயாத அடிவிளிம்பில் அவை மெல்ல மெல்லக் கருத்து இற்றுப்போகும். தச்சர் சொல்வது தவறான ஆலோசனை என்று நான் சொல்லவில்லை. குளிக்கும் இடம் கதவிலிருந்து தள்ளி இருந்து, காற்றும் போகும் குளியலறைக்கு நல்ல பிளஷ் கதவு பல ஆண்டுகள் நிற்கும். உங்கள் அறை அப்படிப்பட்டது அல்ல.

மாமனாரின் மரக்கதவு. தேக்கு போன்ற மரத்தின் வைரப்பகுதி பூஞ்சையைத் தானே தாங்கும், அதனால் அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் வைரத்தைச் சுற்றியிருக்கும் வெளிறிய பகுதிக்கு அந்தக் குணம் கிடையாது. அது தேக்காகவே இருந்தாலும் விரைவில் அரித்துவிடும். ஒரே சட்டத்தில் இரண்டு நிறம் தெரிந்தால் அந்தச் சட்டத்தைக் குளியலறைக்கு எடுக்காதீர்கள்.

அழுகலைவிட அன்றாடம் தொல்லை தருவது மரத்தின் அசைவு. ஈரம் ஏறினால் மரம் நார்களின் குறுக்கே விரியும், நீளவாக்கில் ஏறக்குறைய விரிவதே இல்லை. தேக்கு, ஈரப்பதம் ஒரு சதவீதம் கூடினால் குறுக்கே ஏறத்தாழ 0.2 சதவீதம் வரை விரிகிறது. பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டிச் செய்த 70 செ.மீ. அகலக் கதவை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையிலிருந்து மழைக்காலத்துக்குள் ஈரப்பதம் 6 சதவீதம் கூடினால் அது 8 மி.மீ. வரை அகலமாகிவிடும், நிலையில் சிக்கிக்கொள்ளும். இரண்டு பக்கச் சட்டம், குறுக்குச் சட்டங்கள், நடுவே சட்டத்தில் வெட்டிய காடி என்னும் நீள்பள்ளத்தில் பசையில்லாமல் செருகிய பலகை என்று செய்த கதவில் கதை வேறு. அங்கே அகலத்தைக் கூட்டுவது இரண்டு பக்கச் சட்டங்களின் அகலம் மட்டுமே. சட்டம் ஒவ்வொன்றும் 10 செ.மீ. என்றால் மொத்தம் 20 செ.மீ.க்குத்தான் விரிவு, அதாவது இரண்டரை மி.மீ.க்குள். நடுப்பலகை காடிக்குள்ளேயே விரிந்து சுருங்கும். மரக்கதவு என்றால் இந்த வகையைத்தான் செய்யச் சொல்ல வேண்டும். நடுப்பலகையை ஆணியடித்தோ பசை வைத்தோ இறுக்கினால் அதன் பயன் முழுதும் போய்விடும், பலகை வெடிக்கும்.

இந்த வகைக்கும் ஒரு பலவீனமான இடம் உண்டு. அடிக் குறுக்குச் சட்டமும் பக்கச் சட்டமும் சேரும் பொருத்துக்குள் நீர் இறங்கினால் வெளியே வர வழியில்லை. வெளியே வண்ணம் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே இற்றுப்போயிருக்கும். ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையை அந்த மூட்டில் அழுத்திப் பார்த்தால் தெரியும். நல்ல மரம் எதிர்க்கும், இற்ற மரத்தில் முனை சத்தமில்லாமல் உள்ளே போகும்.

பலர் இதற்குத் தீர்வாகக் கதவின் உட்பக்கம் அடியில் அலுமினியத் தகடு அடிக்கிறார்கள். எனக்கு இந்தப் பழக்கத்தில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. தகட்டின் மேல்விளிம்பில் வழியும் நீர் தகட்டுக்கும் மரத்துக்கும் இடையே இறங்கி, காற்றுப் படாமல் தங்கிவிடுகிறது. ஆணித் துளைகள் வேறு புதிய வழிகளைத் திறக்கின்றன. தகடு இல்லாமல் காய்ந்திருக்கக்கூடிய மரம் தகட்டுக்குப் பின்னால் ஊறிக்கொண்டே இருக்கும். தகடு அடித்தே தீருவதானால் அடிவிளிம்பை முதலில் முழுவதும் பூசி மூடி, தகட்டின் மேல்விளிம்பில் சிலிக்கான் பசையை இடைவெளியின்றி ஓட்ட வேண்டும்.

இனி யு.பி.வி.சி. நீர் அதை ஒன்றும் செய்யாது, கரையான் தின்னாது, பூஞ்சை மேலே படிந்தாலும் துடைத்தால் போய்விடும். காயாத அறைக்கு நான் அதைச் சொல்வதற்கு இதுதான் காரணம். ஆனால் பிளாஸ்டிக் குளியலறைக் கதவு என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு பொருட்கள் விற்கின்றன. ஒன்று, மெல்லிய வெற்றுப் பட்டைகளை ஒன்றோடொன்று செருகி, ஓரத்தில் ஒரு சட்டம் வைத்துத் திருகாணி போட்ட இலேசான கதவு. நடுவில் உள்ளங்கையால் அழுத்தினால் அமுங்கும். மற்றொன்று, உள்ளே பல அறைகளாகத் தடுத்த தடித்த சட்டங்களை மூலையில் உருக்கி ஒட்டி, சட்டத்துக்குள் துத்தநாகம் பூசிய எஃகுக் குழாய் செருகிச் செய்த கதவு. முதல் வகை குறைந்த காலத்திலேயே தொங்கிவிடும். நீங்கள் கேட்க வேண்டியது இரண்டாவது.

தொங்குவதற்குக் காரணம் கீல். கதவின் எடை முழுதும் கீல் திருகாணிகளில் நிற்கிறது. வெறும் பிளாஸ்டிக் சுவரில் திருகாணிக்குப் பிடிப்பு போதாது, திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் துளை சற்றே அகலும். எஃகு உள்ளே இருந்து, திருகாணி அந்த எஃகில் கடித்தால் மட்டுமே பிடி நிற்கும். கடையில் சட்டத்தின் வெட்டுத் துண்டு ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். எஃகு தெரிய வேண்டும். பிறகு பொருத்தும் அன்று கீல் வரும் இடத்தில் ஒரு காந்தத்தை வையுங்கள். பிளாஸ்டிக் சுவரைத் தாண்டி இலேசாகவாவது இழுக்க வேண்டும். சில கதவுகளில் எஃகைச் சட்டத்தின் பாதி நீளத்துக்கு மட்டும் செருகிவிடுகிறார்கள், மேல் கீல் வெறும் பிளாஸ்டிக்கில் நிற்கிறது. காந்தம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதே எஃகுதான் யு.பி.வி.சி.யின் பலவீனமும்கூட. தாழ்ப்பாளுக்கோ துண்டு மாட்டும் கொக்கிக்கோ துளையிட்டால் அந்த வழியே நீர் உள்ளே போய் எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும். துளை ஒவ்வொன்றையும் சிலிக்கான் பசையால் அடையுங்கள், கதவில் புதிய துளைகள் வேண்டாம். கீலும் திருகாணியும் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும், மூன்று கீல்கள் வையுங்கள். யு.பி.வி.சி. வெப்பத்தில் விரியும், ஆனால் உள்ளே இருக்கும் குளியலறைக் கதவில் 2 மீட்டர் உயரத்துக்கு 20 டிகிரி வேறுபாட்டில் அது 3 மி.மீ.யைத் தாண்டாது. நிலைக்கும் கதவுக்கும் இடையே சீராக 4, 5 மி.மீ. விட்டிருந்தால் இதை நினைக்கவே வேண்டாம்.

பழைய நிலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் கணிப்பில் உங்கள் நிலை கதவுக்கு முன்பே கெட்டிருக்கும். மர நிலையின் கால்கள் தரைக்குள் புதைந்து, வெட்டுமுனை ஈரச் சிமென்டில் நிற்கும். கதவாவது இடைவெளியில் கொஞ்சம் காயும், நிலையின் பாதத்துக்கு அந்த வாய்ப்பும் இல்லை. தரையோடு சேரும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். இரு கால்களில் ஒன்று இளகியிருந்தாலும் அதில் புதிய கதவைத் தொங்கவிடாதீர்கள். இரண்டும் திடமாக இருந்தால்கூட யு.பி.வி.சி. கதவை அதன் சொந்த நிலையோடு பொருத்துவதே சரி, ஏனென்றால் கதவின் விளிம்பும் நிலையின் காடியும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்தவை.

இங்கே ஓர் அளவுச் சிக்கல் வரும். பழைய நிலையை எடுக்காமல் அதற்குள்ளேயே புதிய நிலையை வைத்தால் வழி குறுகும். உங்கள் இப்போதைய வழி 75 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். புதிய நிலை பக்கத்துக்கு 5 செ.மீ. எடுத்தால் மீதி 65. கதவு முழுவதும் மடங்கித் திறக்காமல் நின்றால் இன்னும் குறையும். வயதான ஒருவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போகவோ சக்கர நாற்காலி நுழையவோ அது போதாது. மாமனாரும் உங்களோடு இருக்கிறார் என்று எண்ணி இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். பழைய நிலையை இடித்து எடுத்துவிட்டுச் சுவரிலிருந்து சுவருக்கு அளவெடுத்தால், மர நிலை பிடித்திருந்த இடமும் திரும்பக் கிடைக்கும், வழி ஏறத்தாழ 75 செ.மீ.யாகவே நிற்கும். தூசியும் பூச்சுவேலையும் கூடும், ஆனாலும் அதையே செய்யுங்கள்.

அளவை மேலே, நடுவே, அடியே என்று மூன்று இடங்களில் எடுக்க வேண்டும். அவற்றில் சிறியதைக் கொண்டு, அதிலிருந்து மொத்தம் 10 மி.மீ. கழித்து நிலை செய்யச் சொல்ல வேண்டும். உயரத்தை அளக்கும்போது கவனம் தேவை. மரக்கதவை அடியில் இழைத்துக்கொள்ளலாம், மூலையில் உருக்கி ஒட்டிய யு.பி.வி.சி. கதவை அறுக்க முடியாது. தரை ஓடு மாற்றும் எண்ணம் இருந்தால் ஓடு ஒட்டி முடித்த பிறகுதான் அளவெடுக்க வேண்டும். வாசலில் 1 முதல் ஒன்றரை செ.மீ. உயரத்துக்கு ஒரு கல் பட்டை வைத்து, நிலையின் கால்கள் அதன் மேல் நிற்கட்டும், சேரும் கோட்டைச் சிலிக்கானால் மூடுங்கள். கதவின் அடிக்கும் அந்தக் கல்லுக்கும் இடையே 10 மி.மீ. விடுங்கள். அந்த இடைவெளி நீருக்காக அல்ல, காற்று உள்ளே நுழைவதற்காக. மேலே இருக்கும் துவாரத்தில் ஒரு வெளியேற்று மின்விசிறி வைத்தால், அது இழுக்கும் காற்று இந்த அடியிடைவெளி வழியேதான் வர வேண்டும். அடைத்துவிட்டால் விசிறி வெறுமனே சுழலும். கடைசி ஆள் குளித்த பிறகு அது இன்னும் 20 நிமிடம் ஓடட்டும்.

மாமனார் மரம்தான் வேண்டும் என்று நின்றால், முதலில் அந்த விசிறியைப் பொருத்தி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். காலைக் குளியல் முடிந்து மதியத்துக்குள் கதவின் அடிவிளிம்பு கைக்கு உலர்ந்து தெரிந்தால் அவர் விருப்பத்துக்கு வழியிருக்கிறது. அப்போது சட்டமும் செருகு பலகையுமான கதவைச் செய்யுங்கள். மாட்டும் முன் இரண்டு முகம், நான்கு விளிம்பு என ஆறு பக்கமும், கீல் பதிக்கும் பள்ளம், பூட்டுத் துளை எல்லாவற்றிலும் பாலியூரித்தேன் பூச்சை மூன்று முறை கொடுங்கள். ஒரு முகத்துக்கு மட்டும் பூசினால் மறுமுகம் ஈரம் குடித்துக் கதவு வளையும். மாட்டிப் பார்த்து அடியில் இழைக்க நேர்ந்தால், அன்றைக்கே கதவைக் கழற்றி இழைத்த இடத்துக்கு மீண்டும் மூன்று பூச்சு கொடுத்து, காய்ந்த பிறகே திரும்ப மாட்ட வேண்டும். தச்சரிடம் இதை வேலை பேசும்போதே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அதற்கு இன்னொரு நாள் அவர் வர வேண்டியிருக்கும்.